மெர்ச்சண்டைசர் வேலை விளம்பரத்தைத் திருத்தி எழுதியபோது

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் விளம்பரம் எங்கள் கைக்கு வந்தபோது இப்படி இருந்தது: “முன்னணி நிறுவனத்துக்கு மெர்ச்சண்டைசர் தேவை. சரளமான ஆங்கிலம் அவசியம். குடும்பம் போன்ற சூழல். தகுதிக்கேற்ற சம்பளம்.”

விண்ணப்பித்தவர்களில் பலர் சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்குகிறவர்கள். அந்த வேலைக்கும் மெர்ச்சண்டைசர் என்றுதான் பெயர். வேலை தேடும் தளத்தில் இரண்டும் கலந்தே வரும். அதனால் தலைப்பை “ஜூனியர் மெர்ச்சண்டைசர், பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்” என்று மாற்றினோம்.

வேலை விவரத்தை ஹெச்ஆரிடம் கேட்கவில்லை. அதே வேலையில் இருப்பவரிடம், நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று கேட்டோம். பையர் மெயிலுக்குப் பதில் போடுவது, டையிங்கில் லேப் டிப்பை, அதாவது கேட்ட நிறத்தில் சாயமேற்றிய சின்ன மாதிரித் துணியை, விரட்டி வாங்குவது, துணி எவ்வளவு பிடிக்கும் என்று கணக்குப் பார்ப்பது, சாம்பிளுக்கு அப்ரூவல் வாங்குவது. இந்த நான்கும் அப்படியே விளம்பரத்தில் ஏறின. பையரிடம் போனில் பேசுவதெல்லாம் சீனியர்தான் என்றும் தெரிந்தது. ஆகவே “சரளமான ஆங்கிலம்” போய், “பிழையில்லாமல் மெயில் எழுதத் தெரிய வேண்டும்” என்று ஆனது. தமிழ் வழியில் படித்த, டையிங் யூனிட்டில் வேலை பார்த்தவர்களை அந்தப் பழைய வரிதான் தடுத்துக்கொண்டிருந்தது.

சம்பளத்தில்தான் இழுபறி. மாதம் 20,000 என்று போட்டால் மட்டும் போதாது, கைக்கு எவ்வளவு என்பதையும் போட வேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 8,000 என்றால், பிஎஃப் 12 சதவீதம் 1,440 போகும், இஎஸ்ஐயும் போகும், மீதிதான் கையில். இப்போது இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று முதலாளிகள் தயங்குவார்கள். அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். விளம்பரத்தில் மறைத்தாலும் டீக்கடையில் தெரிந்துவிடும்.

வேலை நேரத்துக்கு மூன்று மாத பஞ்சிங் பதிவை எடுத்துப் பார்த்தோம். பேப்பரில் மாலை 6:30. ஷிப்மென்ட் வாரத்தில் 9 மணியும் ஆகிறது. “ஷிப்மென்ட் வாரத்தில் தாமதமாகும், ஞாயிறு வந்தால் மாற்று விடுப்பு உண்டு” என்றே எழுதினோம். மாற்று விடுப்பு உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்று பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் அந்த வரி.

“முன்னணி”, “குடும்பம்” இரண்டையும் எடுத்துவிட்டு, குழந்தைகள் உடை தைக்கிறோம், எந்த நாடுகளுக்கு அனுப்புகிறோம் என்று போட்டோம். ஆர்கானிக் துணிக்கான GOTS சான்றிதழைக் குறிப்பிடுமுன் தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்குத்தான் செல்லும்.

போட்ட பிறகும் சூப்பர் மார்க்கெட் ஆட்களே வந்தால் தலைப்பில் இன்னும் கோளாறு. சரியான ஆட்கள் வந்து, நேர்காணலுக்குப் பின் காணாமல் போனால், உள்ளே யாரோ விளம்பரத்தில் இல்லாத சம்பளத்தையோ நேரத்தையோ சொல்கிறார்கள்.