ஏழு பெட்டி, மூன்று வகை: என் மின்னூலை வாசகர் தேடிய இடத்தில் வைத்த கதை

மறதி நோய் வந்த அம்மாவை ஆறு வருடம் உடனிருந்து பார்த்துக்கொண்டதை ஒரு சின்ன மின்னூலாக எழுதி, எழுதியவரே நூலை வெளியிட உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் ஏற்றினேன். விவரங்களை நிரப்பும் பக்கத்தில் தேடல் சொற்களுக்கு ஏழு பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 50 எழுத்துகள் வரை எழுதலாம். நான் ஐந்து நிமிடத்தில் 'குடும்பம்', 'அன்பு', 'வாழ்க்கை', 'அம்மா' என்று பெட்டிக்கொரு சொல்லாகப் போட்டுவிட்டு, வகைக்கு இலக்கியப் புனைவைத் தட்டிவிட்டேன். என் நடைக்கு அது பொருந்தும் என்று ஒரு மிதப்பு.

முதல் மாதம் விற்றது சொற்பம். அதைவிட உறைத்தது ஒரு இரண்டு நட்சத்திர விமர்சனம்: "நாவல் என்று வாங்கினேன். கதையையே காணோம்." அவர் மேல் தப்பில்லை. நாவல் அலமாரியில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

சரி, என் வாசகர் யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். வீட்டில் அப்படி ஒருவர் இருப்பவர். அவர் 'அன்பு' என்று தேடப்போவதில்லை. கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்தேன். இல்லாவிட்டால் நான் முன்பு தேடியவையே ஆலோசனைகளில் கலந்துவிடும். அமேசான் கடையின் மின்னூல் பிரிவில், தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, கீழே விரியும் ஆலோசனைகளைக் குறித்துக்கொண்டேன். பலர் தேடுவதைத்தான் பெரும்பாலும் அது காட்டும்.

ஆலோசனையில் வந்துவிட்டதாலேயே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைத் தேடி, முதல் பக்கத்தில் வரும் புத்தகங்களைப் பார்க்க வேண்டும். நம் புத்தகத்துக்கு அக்கம்பக்கத்தார் போலத் தெரிந்தால் மட்டுமே அந்தச் சொல் நமக்கு. இதில் ஒரு வேடிக்கை. தமிழ் வாசகர் பலரும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள் என்று `marathi` என்று போட்டுப் பார்த்தேன். நான் நினைத்தது மறதி. வந்ததெல்லாம் மராத்தி மொழிப் புத்தகங்கள்! பிறகு `maradhi noi` என்று எழுதி ஒரு பெட்டியில் வைத்தேன். `dementia tamil` இன்னொன்றில் போனது. தமிழ் எழுத்தில் 'வயதான பெற்றோர் பராமரிப்பு' மூன்றாவது. பெட்டிக்கு ஒற்றைச் சொல் என்ற பழக்கத்தை விட்டு, ஒருவர் உண்மையில் தட்டக்கூடிய சொற்றொடராக எழுதினேன். தலைப்பில் ஏற்கெனவே உள்ள சொல்லைத் திரும்பப் போடுவது இடத்துக்குக் கேடு. மற்ற எழுத்தாளர்களின் பெயர், 'சிறந்த', 'இலவசம்' போன்றவற்றுக்கு விதியிலேயே இடமில்லை.

வகைதான் அதிக நேரம் தின்றது. மூன்று வரை தேர்ந்தெடுக்கலாம். மேலேயிருந்து மரக்கிளை போல இறங்கிக்கொண்டே போக வேண்டும். நான் முதல் கிளையிலேயே நின்றிருந்தேன். இந்த முறை, என் புத்தகத்தை ஒத்த நாலைந்து புத்தகங்களின் பக்கங்களுக்குப் போய், விவரப் பகுதியில் விற்பனைத் தரவரிசைக்குக் கீழே எந்த வகைகள் இருக்கின்றன என்று பார்த்தேன். அந்த வகையைத் தட்டினால் முதல் நூறு புத்தகங்களின் பட்டியல் திறக்கும். அதில் முதலாவதற்கும் இருபதாவதற்கும் கடை முழுவதற்குமான தரவரிசை எண் என்ன என்று எழுதிக்கொண்டேன். எண் சிறியதாக இருந்தால் விற்பனை அதிகம். இருபதாவது புத்தகமே நன்றாக விற்கிறதென்றால் அங்கே நான் கண்ணில் படப் போவதில்லை. முதல் புத்தகமே லட்சங்களில் கிடந்தால் அந்தப் பக்கம் ஆளே வருவதில்லை. பொதுவான வாழ்க்கை வரலாறு முதல் ரகம். அதற்குள்ளேயே ஒரு மூலைக் கிளை இரண்டாம் ரகம். பட்டியலில் சுலபமாக முதலிடம் கிடைத்திருக்கும், படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். கடைசியில் வயதான பெற்றோர், மறதி நோய், நினைவுக்குறிப்பு என்று மூன்றில் நின்றேன்.

மாற்றம் கடையில் தெரிய 72 மணி நேரம் வரை ஆகலாம். மூன்று நாள் கழித்து ஒவ்வொரு சொற்றொடரோடும் என் பெயரைச் சேர்த்துத் தேடினேன். ஆறுக்குப் புத்தகம் வந்தது. ஒன்றுக்கு வரவில்லை; அதைத் தூக்கிவிட்டேன். தேடல் சொல் நம்மைப் பட்டியலுக்குள் சேர்க்கும், மேலே ஏற்றாது. வந்தவர் அட்டையைத் தட்டி வாங்கினால்தான் இடம் உயரும்.

விற்பனை கொஞ்சம் கூடியது. ஆனால் விமர்சனங்களின் குரல் மாறியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஒருவர், "அப்பா ராத்திரி தூங்குவதே இல்லை, அந்த அத்தியாயத்துக்காக வாங்கினேன்" என்று எழுதியிருந்தார். காலியாகக் கிடந்த ஏழாவது பெட்டியில் இப்போது இருப்பது 'முதியோர் இரவு தூக்கமின்மை'.