மின்விசிறி ஓயும் 22 வினாடி: நாடகப் பிரதிக்குள் ஒலிக்குறிப்பு எழுதிய விதம்

நாடகம் 50 நிமிடம். களம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. காலம் 2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள். தாயும் மகளும் மட்டும்தான் மேடையில். கனடாவில் இருக்கும் மகனின் அழைப்புக்காகத் தாய் காத்திருக்கிறார். அவன் இனி எடுக்கப்போவதில்லை என்று எழுதிய கடிதம் மகளிடம் ஏற்கெனவே வந்துவிட்டது. உண்மை வெளியாகும் 6 நிமிடக் காட்சிக்கு ஒலித்தாள் தயாரான விதத்தை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கைக்கு வந்த பிரதியில் இந்தக் காட்சிக்கு ஒலி பற்றி மூன்றே குறிப்புகள் இருந்தன: "சோக இசை", "அதிர்ச்சி இசை", "நிசப்தம்". எழுத்தாளர் தன் மனதில் கேட்டதை எழுதியிருக்கிறார். அதில் குறை இல்லை. ஆனால் ஒலி இயக்குபவருக்கு இவை போதாது. எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் தொடங்குவது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது, எந்த ஸ்பீக்கரில் விடுவது, எதில் முடிப்பது என்ற நான்கையும் தாள் சொல்லவேண்டும். பெரும்பாலான பிரதிகளில் விடுபடுவது நான்காவது. முடிவு எழுதப்படாத இசையை ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒவ்வொரு இடத்தில் இறக்குவார்கள், நடிகர்களுக்கும் அது பழகவே பழகாது.

பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டுக் கோப்பில் போட்டோம். அப்போது வசனத்துக்கு எதிரே வெறும் பக்கம் கிடைக்கும். குறிப்பை அங்கே பென்சிலால் எழுதி, வசனத்தில் ஒலி தொடங்கும் சொல்வரை ஒரு கோடு இழுத்தோம். வரியின் ஓரத்தில் குறி போட்டால் வரியின் தொடக்கமா முடிவா என்று தெரியாது. கோடு சொல்லைத் தொடவேண்டும். எண்கள் 10, 20, 30 என்று போயின. இடையில் ஒன்று சேர்ந்தால் 25 என்று எழுதலாம், மற்றவற்றை அழிக்கத் தேவையில்லை. இசைக்கு "இ", ஒலிக்கு "ஒ", மௌனத்துக்கு "மௌ". மௌனத்துக்கும் தனி எண் உண்டு என்பது இந்தத் தாளில் முக்கியமான முடிவு. எண் இல்லாத மௌனத்தை இயக்குபவர் வெறும் இடைவெளியாக எடுத்துக்கொண்டு அடுத்த ஒலிக்குப் போய்விடுவார்.

கடைசியில் தாள் இப்படி நின்றது:

ஒ 10: காட்சி தொடக்கம். மின்விசிறி, மேடை ஸ்பீக்கர். ஒ 50 வரை.
இ 20: தாய், "இண்டைக்கு ஞாயிறுதானே". தம்புராவும் வயலினும், மண்டப ஸ்பீக்கர். 8 வினாடியில் ஏறும். ஒ 30க்குள் இறங்கும்.
ஒ 30: மகள் யன்னலைத் திறக்கிறாள். ரயில், 35 வினாடி.
இ 40: தாயின் கை மடியில் விழுகிறது. ஸ்டிங், 2 வினாடி.
ஒ 50: தாய், "உனக்குத் தெரியுமோ?" மின்விசிறி ஓய்கிறது, 22 வினாடி. ஒளி 50 உடன்.
மௌ 60: கடைசி "டக்". 4 வினாடி, மகளின் "தெரியும்", 3 வினாடி.
ஒ 70: தாய் கதிரையைப் பிடிக்கிறார். அயல்வீட்டு ஜெனரேட்டர்.

இ 20 மனநிலை மாறும் இடம். "இண்டைக்கு ஞாயிறுதானே, எடுப்பான்" என்று தாய் உற்சாகமாகத்தான் சொல்கிறார். அவருக்கு எதுவும் மாறவில்லை, மகளுக்குத்தான் மாறுகிறது. அதனால் இசையை அந்த வசனத்தின் அடியிலேயே தொடங்கினோம். வசனம் முடிந்த பிறகு தொடங்கினால் "இனிச் சோகம்" என்று அறிவிப்பதுபோல் ஆகிவிடும். 8 வினாடியில் ஏறுவதால் இசை எப்போது வந்தது என்று சபை கவனிக்காது.

அதைவிடச் சிரமம் அந்த இசையை வெளியே எடுப்பது. வெறுமனே இறக்கினால் எவ்வளவு மெதுவாக இறக்கினாலும் கடைசி 2 வினாடி காதில் படும். அதற்குத்தான் ரயில். கரையோரப் பாதை வெள்ளவத்தை வீடுகளுக்கு அருகாலேயே போவதால் மகள் யன்னலைத் திறந்ததும் ரயில் கேட்பது இயல்பு. ரயிலின் சத்தம் உச்சத்தில் இருக்கும் 6 வினாடிக்குள் இசை முழுவதும் இறங்கிவிடுகிறது. ரயில் போன பிறகு இசை இல்லை, ஆனால் அது நின்ற இடம் யாருக்கும் தெரியாது. இசை மறைவதற்கு இப்படி ஓர் இயல்பான சத்தம் பிரதியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் தேடுவது நல்லது. இல்லாவிட்டால் கதவு மூடுவதோ தண்ணீர்க் குழாயோகூட உதவும்.

ஸ்டிங் என்பது ஓரிரண்டு வினாடி இசைத் தெறிப்பு. தாய் லாச்சியைத் திறந்து கடித உறையை எடுக்கிறார், அது ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். முதலில் எழுதிய குறி "கிழிந்த விளிம்பைக் காணும் கணம்". மண்டபத்தின் பின்சுவரில் இருக்கும் இயக்குபவருக்கு உறையின் விளிம்பு எங்கே தெரியப்போகிறது? ஊகித்து அழுத்தவேண்டி வந்தது. இரண்டு முறை ஸ்டிங் முந்திவிட்டது. அப்படி முந்தினால் தாய் கடிதத்தைக் கண்டு அதிராமல் சத்தத்தைக் கேட்டு அதிர்வதுபோல் தெரிகிறது. நெறியாளரிடம் கேட்டு, கடைசி வரிசையிலிருந்தும் தெரியும் ஓர் அசைவை வாங்கினோம்: உறை பிடித்த கை மடியில் விழும். முகம் முதலில், கை அடுத்து, ஸ்டிங் கடைசி.

முந்தியது போதாதென்று, இந்த ஸ்டிங் வேறொரு காரணத்தால் பிந்தியும் வந்தது. இணையத்தில் இறக்கிய எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் ஏறக்குறைய அரை வினாடி வெறுமை இருந்தது. மெதுவாக ஏறும் இசையில் அது தெரியாது. ஸ்டிங்கில் காட்சியையே கெடுக்கும். ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, முதல் ஒலிவரை வெட்டி, `.wav` கோப்பாகச் சேமித்தோம். ஒரு காட்சிக்கு ஒரு ஸ்டிங்குக்கு மேல் வைக்கவில்லை. "தெரியும்" என்ற சொல்லுக்குப் பின் பிரதியில் இருந்த "அதிர்ச்சி இசை" அதனால்தான் போனது. தாய் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளும் முன்பே அதன் பொருளை இசை சொல்லிவிடுகிறது.

அந்த இடத்தில் வேண்டியது மௌனம். மௌனம் கேட்கவேண்டுமென்றால் அதற்கு முன் ஏதோ ஒன்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். ஒ 10 அதற்காகத்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் மின்விசிறிச் சத்தத்தைச் சபை முதல் நிமிடத்திலேயே மறந்துவிடும். நிற்கும்போதுதான் அது இருந்தது தெரியும்.

முதல் ஒத்திகையில் கரண்ட் போகும் வசனத்தில் சத்தத்தைச் சட்டென வெட்டினோம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ஒலிமேசையைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது நியாயம். கரண்ட் போனால் மின்விசிறி சட்டென நிற்பதில்லை, சுற்றிச் சுற்றித்தான் ஓயும். எனவே உண்மையான ஒரு பழைய மின்விசிறியை ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்தி, கடைசி அசைவுவரை பதிவு செய்தோம். அதற்கு 22 வினாடி எடுத்தது. பதிவு நடந்தது அதிகாலை 2 மணிக்குப் பின். கொழும்பில் அதற்கு முன் முச்சக்கரவண்டிகளும், விடியத் தொடங்கினால் காகங்களும் விடமாட்டா. மைக்கை விசிறிக்கு நேர்கீழே வைத்தால் காற்று மோதிக் குமுறும். ஒரு மீற்றர் தள்ளிச் சுவரோரம் வைக்கவேண்டும்.

மின்விசிறியைத் தெரிவு செய்ததிலும் ஒரு காரணம் உண்டு. மண்டபத்திலும் மின்விசிறிகள் ஓடும். வெறும் காற்றிரைச்சலைப் பதிவு செய்திருந்தால் அது நின்றதே தெரியாது, மண்டபத்தின் இரைச்சல் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று அடிக்கும் விசிறியை எடுத்ததால் பிரச்சினை தீர்ந்தது. ஓயும்போது "டக்"குகள் விலகி விலகி வருகின்றன. சபை தானாகவே அடுத்த "டக்"குக்குக் காத்திருக்கும், ஒரு கட்டத்தில் அது வராது. மௌனம் அங்கே தொடங்குகிறது. மகளாக நடிப்பவருக்கும் தன் வசனத்துக்குத் தயாராக அதுவே கியூ. மேடைச் சுவருக்குப் பின்னால் ஒரு சிறு ஸ்பீக்கரில் மட்டும் இதை விட்டோம். மண்டப ஸ்பீக்கரில் விட்டால் மின்விசிறி வீட்டுக்குள் இருப்பதாகத் தோன்றாது.

ஓடும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும்போது வெட்டை ஒரு "டக்"கிலிருந்து இன்னொரு "டக்"குக்குச் சரியாக வைக்கவேண்டும். நடுச்சுற்றில் வெட்டினால் தாளம் இடறும். பதிவில் தூரத்து ஹோர்ன் ஒன்று இருந்தாலும் மூன்றாவது தரம் வரும்போது காது பிடித்துவிடும். ஓடும் பகுதியிலிருந்து ஓயும் பகுதிக்கு மாறுவது அரை வினாடிக் கலப்பில்.

மௌ 60க்கு வினாடி எழுதியது நடிகரைக் கட்டிப்போடுவதற்காக அல்ல. ஒத்திகையில் நன்றாக அமைந்த நாளில் எவ்வளவு இருந்தது என்ற பதிவு அது. முடிவை வினாடி தீர்மானிக்காது. தாய் கதிரையைப் பிடிப்பதே தீர்மானிக்கும். எனவே ஜெனரேட்டரைத் தானாகத் தொடரும்படி இணைக்கவில்லை. ஒலிகளை வரிசையாக இயக்கும் மென்பொருளான `QLab`இல் இடைவெளி விசைதான் அடுத்த ஒலியைத் தொடக்கும். கைவிரல் அதில் இருந்தால் ஒரு தும்மல் போதும். தாளில் மௌ 60க்கு எதிரே "கையை எடு" என்று சிவப்பில் எழுதினோம். அடுத்த தயார்ச் சொல்லை மேடை முகாமையாளர் மகளின் வசனத்துக்குப் பிறகுதான் சொல்வார். மற்ற இடங்களில் அரைப் பக்கம் முன்பே "ஒலி 30 தயார்" என்று சொல்லி, இடம் வந்ததும் "ஒலி 30, கோ" என்பார். "கோ" என்ற சொல்லுக்கு முன் எவரும் அழுத்தக்கூடாது.

மண்டபத்தில் வைத்தபோது மௌனத்துக்குள் ஒரு மெல்லிய உறுமல் கேட்டது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றது. 50 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்தின் இரைச்சல் நிலத்தொடுப்பு வழியாக ஒலிமேசைக்கு வருவது அது. அந்த இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும், மின்மாற்றி உள்ள டிஐ பெட்டி ஒன்றை இடையில் போட்டு, சார்ஜரைத் திரும்பக் கொளுவினோம். பட்டரியில் மட்டும் ஓட்டுவது சோதிக்க நல்லது, காட்சிக்கு நம்பமுடியாது.

ஒலி அளவுகளை நடு இருக்கையிலிருந்து, நடிகர்கள் பேசும்போது வைத்தோம். பின்சுவரோரம் தாழ்ந்த சுரங்கள் திரண்டு கேட்பதால் ஒலிமேசையில் இருந்து தீர்மானித்தால் ரயிலும் ஜெனரேட்டரும் முன்னே மெலிந்துபோகும். வெற்று மண்டபத்தில் சரியாக இருந்த மின்விசிறியை ஆட்கள் நிறைந்த அன்று 3 டெசிபெல் கூட்டவேண்டி வந்தது. ஆட்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும், "டக்"கின் கூர்மைதான் முதலில் போகும்.

கரையோரத்துக்கு அருகான மண்டபம் என்பதால் உண்மையான ரயில் மௌனத்தின் நடுவே வரலாம். தடுக்க வழியில்லை. தாளின் அடியில் அதற்கும் ஒரு வரி எழுதினோம்: மௌ 60இல் வெளியே ரயில் வந்தால் மகள் அது போகும்வரை பேசமாட்டார், எண்ணிக்கை ரயில் போன பிறகு மீண்டும் தொடங்கும், ஒலி 70ஐ யாரும் முந்தி விடக்கூடாது.