லோகோவை விடுங்கள், தேதிகளைப் பாருங்கள்: டூப்ளிகேட் ஆயிலும் பிரேக் பேடும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

என்ஜின் ஆயில் பாட்டில் ஒரிஜினலா என்று பார்க்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் லோகோவையும் லேபிள் நிறத்தையும்தான் உற்றுப் பார்க்கிறார்கள். அதில் கிடைப்பது மிகக் குறைவு. எங்கள் கைக்கு வரும் டூப்ளிகேட்டில் பல, கம்பெனியின் சொந்த பாட்டிலிலேயே வருகின்றன. பட்டறையில் காலியான பாட்டில் பழைய சாமான் கடைக்குப் போகிறது. யாரோ அதைக் கழுவி, வடிகட்டிய பழைய ஆயிலையோ மலிவான ஆயிலையோ நிரப்பி, புது மூடி போட்டுத் திரும்பக் கடைக்கு அனுப்புகிறார்கள். லேபிள் அசல், பாட்டில் அசல், லோகோ அசல். உள்ளே இருப்பது மட்டும் வேறு.

அதனால் நாங்கள் தேடுவது வேறொன்றை. ஒரே பாட்டிலில் இரண்டு மூன்று இடங்களில் தேதியும் எண்ணும் இருக்கும். அவை தயாரிப்பின் வெவ்வேறு கட்டங்களில் விழுந்தவை. அவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. தோற்றத்தைக் காப்பி அடிப்பது சுலபம். எல்லாக் குறிகளையும் ஒரே கதை சொல்ல வைப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

முதலில் படம் எடுக்கும் முறை. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் பளபளப்பான பிளாஸ்டிக்கில் எழுத்தே மறைந்துவிடும். போனை ஒட்டி வைத்து எடுத்தால் மங்கும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பிறகு பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. அச்சடித்த எண்ணை இரண்டு முறை எடுங்கள்: நேராக ஒன்று, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடித்து ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். ஆன்லைனில் வாங்குபவர்கள், பக்கத்தில் ஒரு தாளில் அன்றைய தேதியை எழுதி வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் எங்கிருந்தோ எடுத்த படத்தை அனுப்ப முடியாது.

ஒப்பிடுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு வாங்கிய அதே கிரேடு, அதே அளவு பாட்டில் ஒன்று வேண்டும். அதுவும் கிட்டத்தட்ட அதே காலத்தில் தயாரானதாக இருக்க வேண்டும். கம்பெனிகள் பாட்டில் வடிவத்தையும் லேபிளையும் அவ்வப்போது மாற்றுகின்றன. பழைய பாட்டிலோடு புதியதை ஒப்பிட்டு நல்ல சரக்கைப் போலி என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். பைக்குக்கான 1 லிட்டர் பாட்டில். கழுத்துக்குக் கீழே கருப்பு மையில் பேட்ச் நம்பர், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம் 06/25 என்று இருக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் பிளாஸ்டிக்கிலேயே புடைத்த சின்ன வட்டம். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை, நடுவில் 23, ஓர் அம்புக்குறி 11-ஐக் காட்டுகிறது. பாட்டிலை அச்சில் வார்த்தெடுத்த தேதி அது: 2023 நவம்பர். எல்லா பாட்டிலிலும் இந்த வட்டம் இருக்காது, இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 2023 நவம்பரில் வார்த்த பாட்டிலில் 2025 ஜூனில் ஆயில் நிரப்பியதாக எழுதியிருக்கிறது. இடையில் 19 மாதம். காலி பாட்டில் இடத்தை அடைக்கும் சரக்கு. அவ்வளவு நாள் யாரும் அதைக் கிடங்கில் போட்டு வைப்பதில்லை.

இது மட்டுமே தீர்ப்பாகாது. அச்சில் அம்புக்குறியைத் திருப்ப மறந்துவிடுகிற தொழிற்சாலையும் உண்டு. அதனால் அடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படத்துக்குப் போக வேண்டும். 06/25-ஐச் சுற்றி பிளாஸ்டிக் கொஞ்சம் மங்கலாக, தேய்த்த மாதிரி தெரிகிறது. பெரிதாக்கினால் புது எண்ணுக்குப் பின்னால் பழைய மையின் நிழல்: 12/23. தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு மேலே புதிதாக அடித்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் வார்த்து டிசம்பரில் நிரப்பிய பாட்டில் என்று வைத்தால் எல்லாம் பொருந்துகிறது. 2025 ஜூன்தான் பொருந்தாத தேதி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேட்ச் நம்பரைத் தின்னர் பஞ்சால் தேய்த்து, அழிந்தால் போலி என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தப்பு. ஒரிஜினல் பாட்டிலில் இங்க்ஜெட் மெஷின் அடிக்கும் மையும் தின்னருக்கு அழியக்கூடியதுதான். அழியாமல் நிற்பது லேசரில் பொறித்த எண் மட்டும். பார்க்க வேண்டியது மை அழிகிறதா என்பதை அல்ல, ஏற்கெனவே யாராவது அழித்திருக்கிறார்களா என்பதை.

அதேபோல, இங்க்ஜெட் எழுத்து புள்ளி புள்ளியாகவும் லேசாகச் சரிந்தும் இருப்பது இயல்பு. பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிப்பதால் அப்படி வருகிறது. எண் லேபிளோடு சேர்ந்து வழுவழுவென்று அச்சாகியிருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும், ஏனென்றால் பேட்ச் மாறும்போதெல்லாம் யாரும் லேபிளை மறுபடி அச்சடிப்பதில்லை.

பெட்டியாக வாங்குபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சில கம்பெனிகள் பேட்ச் நம்பரோடு நிரப்பிய நேரத்தையும் மணி, நிமிடம், நொடி வரை அடிக்கின்றன. அப்படியானால் ஒரே பெட்டியில் உள்ள பாட்டில்களில் பேட்ச் ஒன்றாகவும், நேரம் சில நொடிகள் முன்பின்னாகவும் இருக்கும். எல்லா பாட்டிலிலும் நொடி வரை ஒரே நேரம் என்றால் அது ஓடும் லைனில் அடித்ததல்ல. யாரோ ஒரே அச்சை வைத்து வரிசையாகக் குத்தியது. பெட்டியின் மேலே உள்ள பேட்ச் நம்பரும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்பதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்த பிறகு பார்க்க வேண்டியது வாயின் விளிம்பு. ஃபாயில் சீல் இருந்தாலே ஒரிஜினல் என்று நம்ப முடியாது, கையில் பிடித்து ஒட்டும் சீலிங் மெஷின் எங்கும் கிடைக்கிறது. ஃபாயிலை மெதுவாக உரித்துவிட்டு விளிம்பைச் சாய்வாகப் படமெடுங்கள். ஒரு முறை ஒட்டியதில் ஒரே சீரான மெல்லிய வளையம் தெரியும். இரண்டாம் முறை ஒட்டியதில் பழைய ஃபாயிலின் பிசிறு, சுரண்டிய கீறல், ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராத இரண்டு வளையங்கள் தெரியும். புது மூடி போட்டிருந்தால் அதன் நிறம் அசல் மூடியோடு ஒப்பிடும்போது ஒரு சாயல் மாறியிருக்கும், கீழ்வளையத்தின் பிடிப்புகளும் தளர்வாக இருக்கும்.

பிரேக் பேடில் கதை வேறு. அங்கே காலி டப்பா திரும்பி வருவது குறைவு. டப்பாவையே ஸ்கேன் செய்து அச்சடிக்கிறார்கள். அது சின்ன எழுத்தில் மாட்டும். அசல் டப்பாவில் பொடி எழுத்து பொதுவாக ஒரே கருப்பு மையில் விழுந்திருக்கும், பெரிதாக்கினாலும் ஓரம் கூராக இருக்கும். ஸ்கேன் செய்ததை நான்கு நிறங்களாகப் பிரித்து அச்சடிக்கும்போது அதே எழுத்தைச் சுற்றி நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் சிதறித் தெரியும். முகவரி வரியையும் அதற்குக் கீழே உள்ள எச்சரிக்கை வரியையும் படமெடுத்துப் பார்த்தால் போதும்.

டப்பாவில் இரண்டு எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் இருந்தால் உடனே பதற வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, விற்காத சரக்கில் புது விலை ஸ்டிக்கர் ஒட்ட அரசே அனுமதித்தது. ஆனால் பழைய விலை மறையக் கூடாது என்பது நிபந்தனை. பழைய விலையையோ மாதத்தையோ மூடி ஒட்டியிருந்தால்தான் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

உள்ளே உள்ள நான்கு பேடுகளையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வையுங்கள். இரும்புத் தகடு மேலே தெரிய ஒரு படம், ஓரங்கள் தெரிய ஒரு படம், தேயும் பக்கம் ஒரு படம். தகட்டிலோ ஓரத்திலோ தயாரிப்பாளர் குறி, தேயும் பொருளின் கலவை எண், பேட்ச் ஆகியவை இருக்கும். பல பேடுகளில் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகளும் வரும், உதாரணமாக எஃப்.எஃப். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு என்பதைக் குறிக்கும். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35-க்கு மேல் 0.45 வரை. அது தர மதிப்பெண் அல்ல, அதனால் எந்த எழுத்து உயர்ந்தது என்று பார்க்காதீர்கள். நான்கிலும் கலவை எண்ணும் அந்த இரண்டு எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா, அதே பார்ட் நம்பர் கொண்ட அசல் பேடோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒரு செட்டில் இரண்டு பேட் ஒரு கலவை, மற்ற இரண்டு வேறு கலவை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த செட்டை மாட்டவே கூடாது.

தகட்டில் குத்திய எண்ணின் பள்ளத்துக்குள் பெயின்ட் தேங்கி, அருகில் துருக்குழி தெரிந்தால் அது பழைய தகட்டைச் சுரண்டி மேலே தேயும் பகுதியான லைனிங்கைப் புதிதாக ஒட்டிய பேட். தகட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் முடி அளவு இடைவெளி, ஓரம் விரலில் உதிர்வது, லைனிங் முனையின் சரிவு வெட்டு நான்கிலும் நான்கு விதமாக இருப்பது எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அந்த இடைவெளியை அலட்சியப்படுத்தாதீர்கள். மலை இறக்கத்தில் சூடேறும்போது லைனிங் தகட்டை விட்டுக் கழன்று வருவது அங்கிருந்துதான்.

சந்தேகம் தீராவிட்டால் கம்பெனியிடம் கேட்பதுதான் அடுத்த படி. டப்பாவில் உள்ள போன் நம்பரையோ க்யூ.ஆர். கோடையோ நம்பி அல்ல, அவையும் போலியாக இருக்கலாம். கம்பெனியின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து போய், அங்குள்ள வாடிக்கையாளர் சேவைக்குப் படங்களை அனுப்புங்கள். "இந்த பேட்ச் உங்களுடையதா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்றே பதில் வரலாம், ஏனென்றால் போலிக்காரர் உண்மையான நம்பரைத்தான் காப்பி அடித்திருப்பார். "இந்த பேட்ச் எந்த கிரேடு, எந்த அளவு பேக், எந்த மாதம், எந்த ஆலை?" என்று கேளுங்கள். அந்த நம்பர் வேறு கிரேடு ஆயிலுக்கோ வேறு வண்டியின் பேடுக்கோ உரியது என்று பதில் வந்தால் விஷயம் முடிந்தது.

படங்களால் ஆகாத ஒன்றும் உண்டு. குறிகள் எல்லாம் பொருந்தி, உள்ளே மட்டும் ஆயில் வேறாக இருந்தால் எந்தப் படமும் காட்டாது. ஆய்வகச் சோதனைதான் வழி. அந்த ஆபத்தைக் குறைப்பது ஜி.எஸ்.டி. பில்தான், முடிந்தால் அதில் பேட்ச் நம்பரையும் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் பில், பாட்டில், உரித்த ஃபாயில், படங்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

ஆயில் மாற்றிய பிறகு காலி பாட்டிலை அப்படியே போடாதீர்கள். கழுத்துக்குக் கீழே கத்தியால் ஒரு வெட்டு, அடியில் ஆணியால் ஒரு ஓட்டை. பேட் டப்பாவில் பேட்ச் ஸ்டிக்கர் உள்ள பக்கத்தைக் குறுக்கே கிழித்துவிடுங்கள். பட்டறையில் மாற்றினால், உங்கள் கண் முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்கள்.