அடிக்வேட் என்றால் எவ்வளவு?

ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில், அதன் இடைநிலைக் கட்டமான எம்ஒய்பியில் சமூக அறிவியல் எடுப்பவர்களுக்கு ரூப்ரிக், அதாவது மதிப்பெண் போடும் அளவுகோல், கிட்டத்தட்ட மனப்பாடம். ‘அறிவும் புரிதலும்’ என்ற முதல் கிரைடீரியனில் பத்தாம் வகுப்புக்கு எட்டு மதிப்பெண், நான்கு படிகள். கலைச்சொல் பயன்பாடு கீழ்ப்படியில் ‘லிமிடெட்’. உள்ளடக்க அறிவு 3-4இல் ‘அடிக்வேட்’, 5-6இல் ‘சப்ஸ்டான்ஷியல்’. 7-8க்கு விளக்கங்கள் ‘தரோ’வாக, அதாவது முழுமையாக, இருக்க வேண்டும். ‘விவரி’, ‘விளக்கு’, ‘மதிப்பிடு’ போன்ற வினைச்சொற்களுக்கு ஐபியே பட்டியல் போட்டு அர்த்தம் கொடுத்திருக்கிறது. இந்த அடைமொழிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒவ்வொரு பணிக்கும் அவை என்ன அர்த்தம் என்பதை ஆசிரியர்கள் உட்கார்ந்து முடிவு செய்து, மாணவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

சென்னைப் பள்ளியில் வேலை பார்ப்பதால் எங்களுக்கு வாகான கேள்வி ஒன்று உண்டு: 2015 டிசம்பர் வெள்ளம் ஏன் அவ்வளவு மோசமானது என்று விளக்குக. அந்தக் கட்டுரைகளைத் திருத்தும்போதுதான் அடைமொழிச் சண்டை முழுதாக வெளியே வரும்.

முதல் சண்டை ‘அடிக்வேட்’ பற்றியது. ஸ்டேட் போர்டிலிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவருக்கு அது “போதும், பரவாயில்லை” என்ற அர்த்தம். அவர் மனதில் அது நூற்றுக்கு அறுபது, எழுபது. ஆனால் ரூப்ரிக்கில் அது எட்டுக்கு மூன்று அல்லது நான்கு. நான்கு கிரைடீரியன்களிலும் 4 வாங்கினால் கூட்டுத்தொகை 16, இறுதி கிரேடு 4. எல்லாவற்றிலும் 3 என்றால் 12, கிரேடு 3. ஆக ஒரே சொல் இரண்டு கிரேடுகளில் கால் வைத்து நிற்கிறது. அகராதியைப் புரட்டி இதைத் தீர்க்க முடியாது. எந்தத் தாள் 3, எந்தத் தாள் 4 என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் தீரும்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, எண்ணிவிடுவது. ஒரு காரணம் சொன்னால் கீழ்ப்படி, இரண்டு மூன்று என்றால் அடிக்வேட், ஐந்துக்கு மேல் தரோ. பெற்றோரிடம் காட்டவும் வசதி. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள்களை வைத்தால் இந்த வழி உடைந்துவிடும். எங்கள் குழந்தைகள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

முதல் தாள்: “கனமழை பெய்தது. ஏரிகள் ஆக்கிரமிக்கப்பட்டன. வடிகால்களில் பிளாஸ்டிக் அடைத்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கிவிட்டது. நகரம் திட்டமிடாமல் வளர்ந்தது.” ஆறு காரணங்கள், எல்லாமே சரி.

இரண்டாம் தாள் ஒரு மாணவியுடையது, அதில் இரண்டே காரணங்கள். செம்பரம்பாக்கம் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பியிருந்தது, அதனால் டிசம்பர் 1 அன்று பெய்த மழையைத் தேக்க இடமில்லை, உபரிநீரை அடையாற்றில்தான் விட வேண்டியிருந்தது. அதே நேரத்தில் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் சின்ன ஏரிகளும் நிரம்பி வழிந்து அதே ஆற்றுக்கு வந்தன, அதனால் சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் கரை தாங்கவில்லை என்கிறாள். அப்புறம் ஒரு வரி: “ஆனால் வேளச்சேரி அடையாற்றங்கரையில் இல்லை. அங்கே தண்ணீர் நின்றதற்குப் பள்ளிக்கரணை சுருங்கியதைத்தான் பார்க்க வேண்டும்.”

எண்ணிப் பார்த்தால் முதல் தாளுக்கு 7, இரண்டாவதற்கு 4. படித்துப் பார்த்த யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சரி, அப்படியானால் எந்த இடத்தில் வித்தியாசம் என்று தேடியபோது எங்களுக்குக் கிடைத்த பதில் இதுதான்: காரணத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவிலுள்ள இணைப்பை எழுதியது யார், மாணவரா, திருத்துபவரா?

‘சதுப்புநிலம் சுருங்கிவிட்டது’ என்று படித்ததும் என் மூளை மீதியைத் தானாகவே சொல்லிவிடுகிறது: தென்சென்னையின் மழைநீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும், தங்கும் இடத்தில் கட்டடம் வந்தால் தண்ணீர் தெருவில் நிற்கும். இவ்வளவும் என் தலையில் இருக்கிறதே தவிர தாளில் இல்லை. பாடம் தெரிந்த ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுவதற்குப் பெரும்பாலும் இந்த நிரப்பல்தான் காரணம். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். திருத்தும்போது நாமே நிரப்பிய இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். முதல் தாளில் ஆறு வாக்கியம், ஆறு கோடு. இரண்டாவதில் ஒன்றே ஒன்று, பள்ளிக்கரணை வரியில்; அது எப்படி வேளச்சேரியைப் பாதித்தது என்று அவள் விரித்து எழுதவில்லை.

இதை வைத்துப் படிகளை மீண்டும் எழுதினோம். காரணத்தின் பெயர் மட்டும் இருந்து, இடமோ நாளோ எதுவும் குறிப்பாக இல்லையென்றால் 1-2. காரணம் சரி, குறிப்பான தகவலும் இருக்கிறது, ஆனால் அது எப்படி வெள்ளமானது என்பதை வாசகர்தான் ஊகிக்க வேண்டும் என்றால் அதுதான் எங்கள் ‘அடிக்வேட்’. முக்கியக் காரணங்களுக்கு இணைப்பு தாளிலேயே இருந்தால் ‘சப்ஸ்டான்ஷியல்’. அதற்கு மேல், ஒரு காரணம் எதை விளக்கவில்லை என்றோ, இரண்டு காரணங்கள் எப்படி ஒன்றையொன்று மோசமாக்கின என்றோ எழுதியிருந்தால் ‘தரோ’. அந்த வேளச்சேரி வரிதான் இரண்டாம் தாளை 7க்குக் கொண்டுபோனது. முதல் தாளுக்குச் செம்பரம்பாக்கம், பள்ளிக்கரணை என்று இடமாவது இருக்கிறதே என்று 3 கொடுத்தோம்.

‘லிமிடெட்’ பற்றி ஒரு எச்சரிக்கை. அது கலைச்சொல் வரியில் வருவது. ‘ஊடுருவல்’, ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’ என்றெல்லாம் சொல்லாமல், ‘மண்ணுக்குள் இறங்க முடியாத தண்ணீர்’ என்று எழுதும் பையனுக்கு அந்த வரியில் மட்டும் குறையலாம். அதே குறையை அறிவு வரியிலும் பிடித்தால் ஒரே தவறுக்கு இரண்டு அடி. நல்ல ஆங்கிலத்துக்கு இதன் மறுபக்கம் நடக்கும். சரளமாக எழுதிய தாள் எதையும் விளக்காமலேயே முழுமையாகத் தெரியும். பென்சில் கோடு இங்கேதான் அதிகம் உதவுகிறது.

எழுதிய வரையறை வேலை செய்கிறதா என்று பார்க்க, நாங்கள் பேசாத புதுத் தாள்கள் சிலவற்றை இருவர் தனித்தனியே, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல், திருத்துவோம். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. படியே மாறி இரண்டு வித்தியாசம் வந்தால் குறை திருத்தியவரிடம் இல்லை, எங்கள் வாக்கியத்தில் இருக்கிறது. ஒருமுறை அப்படி வந்தபோது ‘குறிப்பான தகவல்’ என்ற சொல்தான் சிக்கல். ஒருவர் எண்களை மட்டும் தகவலாக எடுத்துக்கொண்டார், மற்றவர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். “இடம், நாள், அளவு, இவற்றில் ஒன்று இருந்தால் போதும் சார்” என்று அந்தக் கூட்டத்திலேயே திருத்தினோம்.

இதற்கெல்லாம் முன்னால் கேள்வியையே பார்த்துவிட வேண்டும். ‘காரணங்களைப் பட்டியலிடுக’ என்று கேட்டுவிட்டு இணைப்பு இல்லை என்று குறைப்பது அநியாயம். நாற்பது நிமிட வகுப்பில் எழுதும் தாளில், பல காரணங்களின் இணைப்பையும் அவற்றின் எல்லையையும் சேர்த்து எதிர்பார்ப்பதும் அப்படியே. அதற்கு இரண்டு காரணங்கள் போதும் என்று கேள்வியிலேயே சொல்லிவிடுகிறோம்.

வரையறையை மாணவர்களுக்குக் கொடுத்த பிறகு வேறொரு தொல்லை முளைத்தது. அடுத்த பருவத்தில் கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் கடைசிப் பத்தி ‘இருப்பினும் இந்தக் காரணம் எல்லாவற்றையும் விளக்காது’ என்று தொடங்கியது. எதை விளக்காது என்பதைச் சிலர்தான் சொன்னார்கள். அதனால் இப்போது தரோவுக்கான வரியில் ‘எந்த இடம் அல்லது எந்த நிகழ்வு என்று பெயர் சொல்லி’ என்று சேர்த்திருக்கிறோம். 6க்கும் 7க்கும் நடுவில் நிற்கும் தாள்களில் மட்டும் இன்னும் தகராறு ஓயவில்லை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து, இருவர் படித்த பிறகே மதிப்பெண்ணை ஏற்றுகிறோம்.