அந்த இரண்டு மணி நேரத்து டெலிட்டுகள்

"ஹிண்ட் எல்லாம் போயிடுச்சு அண்ணா. இருந்தாலும் ஒரு ரிப்பேர் ஓட்டிடவா?"

எங்கள் கசாண்ட்ரா டேட்டாபேஸ் ஒரே டேட்டாவை மூன்று நோடுகளில், அதாவது மூன்று சர்வர்களில், வைத்திருக்கும். அதில் ஒன்று விழுந்து எழுந்த அன்று மாலை ஏழு மணிக்கு, என்னோடு வேலை பார்க்கும் அவள் கேட்டது இவ்வளவுதான். "வேணாம்மா, விட்டது ஏதாவது இருந்தா ரீட் ரிப்பேர்ல சரியாயிடும்" என்றேன். அவள் திரையில் இருந்த கடைசி வரியில் `Finished hinted handoff` என்றே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அந்த வரி பொய்யில்லை. விழுந்த நோடுக்காக மற்ற நோடுகள் சேர்த்து வைக்கும் மாற்றங்கள்தான் ஹிண்டுகள். அவை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. எவ்வளவு நேரத்துக்குச் சேர்த்து வைத்தது என்பதை அது சொல்லாது. கசாண்ட்ராவில் `max_hint_window` மாற்றாமல் விட்டால் மூன்று மணி நேரம். எங்கள் மூன்றாவது நோட் மதியம் ஒரு மணிக்கு விழுந்து ஆறு மணிக்கு எழுந்தது. நாலு மணிக்கு மேல் அதற்காக யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ரிப்பேரை மறுத்ததற்குக் காரணம் இருந்தது. நோடுகளின் டேட்டாவை ஒப்பிட்டு ஒரேமாதிரி ஆக்கும் வேலை அது. அதற்காக ஒவ்வொரு நோடிலும் டேட்டா முழுவதையும் படித்து, ஹாஷ்களாலான மெர்க்கல் மரம் கட்டும். ஒரு மரத்தின் இலைகளுக்கு உச்சவரம்பு உண்டு. பெரிய டேபிளில் ஓர் இலைக்குக் கீழே ஏராளமான வரிசைகள் வந்துவிடும். அதில் ஒரே ஒரு வரிசை மாறியிருந்தாலும் ஹாஷ் மாறும், அந்த இலைக்குரிய வரிசைகள் மொத்தமும் நோடுகளுக்கிடையே ஓடும். அப்போது ஒரு மைக்ரேஷன் வேறு நடந்துகொண்டிருந்தது. அதற்காக வாராந்திர ரிப்பேரையே நிறுத்தி வைத்திருந்தேன். இன்றைக்கும் அந்தச் சுமைக் கணக்கு தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் ரீட் ரிப்பேரை நம்பியது தப்பு. யாராவது படித்தால்தான் அது நடக்கும். குவோரமில், அதாவது மூன்றில் இரண்டு நோடுகளிடம் கேட்டுப் படிக்கும்போது, ஒரு நோட் முழு டேட்டாவையும் இன்னொன்று தன் டேட்டாவின் ஹாஷான டைஜஸ்ட்டையும் தரும். இரண்டும் பொருந்தாவிட்டால் புதியது எதுவோ அதைப் பழையதன் மேல் எழுதும். எங்கள் டேபிளோ அறிவிப்பு பெறுவோர் பட்டியல். மாதம் ஒருமுறை அனுப்பும்போதுதான் அதைப் படிப்போம். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே 37 பேர் "இனி அனுப்பாதீர்கள்" என்று விலகியிருந்தார்கள். முதல் இரண்டு நோடுகளில் நீக்கியதற்கு அடையாளமாக டூம்ப்ஸ்டோன் விழுந்தது. மூன்றாவதில் அந்த 37 வரிசைகளும் உயிரோடு இருந்தன.

டூம்ப்ஸ்டோனைக் குறைந்தது எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் `gc_grace_seconds` 864000, அதாவது பத்து நாள். அது கழிந்தபின் டேட்டா கோப்புகளை ஒன்றாக்கும் காம்பாக்ஷன் ஓடி, முதல் இரண்டு நோடுகளும் பழைய வரிசையையும் டூம்ப்ஸ்டோனையும் சேர்த்தே துடைத்துவிட்டன. நீக்கினோம் என்பதற்குக் கிளஸ்டரில் எங்குமே சாட்சி இல்லை. பதினாறாம் நாள் மைக்ரேஷன் முடிந்தது, நிறுத்தியிருந்த ரிப்பேரை நானே ஓட்டினேன். மரங்களை ஒப்பிட்டபோது இரண்டு நோடுகளில் ஒன்றுமில்லை, ஒன்றில் வரிசை இருக்கிறது. இல்லாதது நீக்கப்பட்டதா, வந்தே சேராததா என்று ஹாஷுக்குத் தெரியாது. இருந்ததை எடுத்து மற்ற இரண்டுக்கும் கொடுத்தது. அன்று மாலையே ஓட்டியிருந்தால் டூம்ப்ஸ்டோனை மூன்றாவது நோடுக்குக் கொண்டுபோயிருக்கும் அதே கட்டளை, பதினாறாம் நாள் செத்த வரிசைகளை எழுப்பிக் கொண்டுவந்தது.

"நான்தான் விலகிவிட்டேனே" என்று முதல் கடிதம் வந்தபோது செயலியில்தான் பிழை என்று நினைத்தேன். பிறகு இதை ஓட்டினோம்:

```
SELECT id, WRITETIME(status)
FROM subscribers WHERE id = ?;
```

மூன்று நோடுகளிலும் வரிசை இருந்தது. எழுதிய நேரமோ ஒரு வருடத்துக்கு முந்தையது. புதிதாக யாரும் சேர்க்கவில்லை, பழையதே திரும்பியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. செயலியின் லாக் இருந்ததால் 37 பேரையும் கண்டுபிடித்து மறுபடி நீக்கினோம்.

பத்து நாள் தாண்டியதும் அந்த மூன்றாவது நோடின் டேட்டாவைக் காலிசெய்து மற்ற இரண்டிலிருந்து புதிதாக நிரப்பியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். அன்று அதை யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? நோட் பதினாறு நாளாக நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக ஓடும் நோடை அழிக்க நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

"நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும் அண்ணா" என்றாள். அது சரியில்லை, அவள் ஒருமுறை கேட்டதே போதும். ஹிண்ட் நேரத்தை ஆறு மணி நேரமாக்கலாமா என்றும் கேட்டாள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். ஏழு மணி நேரம் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மாற்றச் சொல்லிவிட்டு, வாராந்திர ரிப்பேரை நிறுத்தும் அனுமதியை என் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.