"அந்த 9 நாள் என்றைக்காவது 9 நாளாக வந்திருக்கிறதா?"

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ்தான். ஆனால் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட் உரையில் பேச்சுக்கு நல்ல மார்க், பின்னால் வந்த கேள்விகளுக்குப் பாதிகூட இல்லை. ஸ்லைடுக்காக மூன்று ராத்திரி கண் விழித்தேன்; கேள்விக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. என்னைக் கவிழ்த்தது ஒரே விஷயம், அதையே அதிகம் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய பம்ப் தொழிற்சாலை. நாளுக்குச் சராசரி 40 பேரிங் தேவை, திட்ட விலக்கம் 10. ஆர்டர் போட்டால் சராசரியாக 9 நாளில் சரக்கு வரும். 95 சதவீதத்துக்கு நார்மல் பரவலின் z மதிப்பு 1.65. ஆக தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் சேஃப்டி ஸ்டாக் 1.65 × 10 × √9, சுமார் 50 என்று பெருமையாக முடித்தேன்.

தேர்வாளர் தலைப்பில் உள்ளதைக் கேட்டார். என் அட்டவணையிலேயே 5 நாளும் இருந்தது, 14 நாளும் இருந்தது. லீட் டைம், அதாவது ஆர்டரிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் நாள்; அதன் திட்ட விலக்கம் 3 நாள். L சராசரி லீட் டைம், d நாளின் சராசரி தேவை, σ அதனதன் திட்ட விலக்கம் என்றால் போட வேண்டியது இது:

```
SS = z × √(L·σd² + d²·σL²)
1.65 × √(9·100 + 1600·9) ≈ 204
```

50 எங்கே, 204 எங்கே! தேவை கூடினால் சில பேரிங்தான் அதிகம் போகும். லாரி ஒரு நாள் தாமதமானால் அன்றைய 40 முழுவதும் ஸ்டாக்கிலிருந்து போகும்.

அடுத்த கேள்வி: "வேறொருவர் 4 நாளில் தருகிறார், ஏற்ற இறக்கம் அதே 3 நாள். மாறினால்?" பாதியாகக் குறையும் என்று உளறினேன். கணக்குப்படி 201. வழியில் இருக்கும் சரக்கு 200 குறையும், அது உண்மை. சேஃப்டி ஸ்டாக் கிட்டத்தட்ட அசையாது. பழைய சப்ளையரே 9 நாளில் வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தை 1 நாளாக்கினால் 83 போதும். இந்த ஒப்பீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

மற்றவை, ஞாபகத்தில் உள்ளபடி:

- 95 சதவீதம் எதற்கு? ஆர்டர் சுழற்சிகளில் 95 சதவீதம் தட்டுப்பாடின்றி முடியும் என்பதற்கு. கேட்ட பேரிங்கில் 95 சதவீதம் கிடைக்கும் என்று சொல்லிவிடாதீர்கள்.
- லீட் டைம் எதுவரை? தொழிற்சாலை வாசலுக்கு வந்த நாள் போதாது. பரிசோதனை முடிந்து எடுக்கத் தயாரான நாள்வரை.
- தாமதம் இரு பக்கமும் சமமா? இல்லை. சீக்கிரம் வருவது ஓரிரு நாள், தாமதம் வாரக்கணக்கில். அந்த நீண்ட வாலை நார்மல் பரவல் குறைத்துக் காட்டும்.
- பேரிங் இல்லாவிட்டால் ஸ்டாக் குறையுமா? கூடும். பாதி பூட்டிய பம்புகள் தரையில் குவியும். நண்பன் இதில் முழு மார்க் வாங்கினான்.

எனக்குப் பதற்றத்தில் வர்க்கமூலம் வராது. அப்புறம்தான் தோன்றியது, 50, 204, 201, 83 என்று நாலு எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி எடுத்துப்போயிருக்கலாம். அட்டைக்குத் தடையே இல்லையாம்.