12.70 என்ற வாசிப்பு

ஜூலை 8

கடலுக்கும் வாவிக்கும் நடுவில், நாவலடிப் பக்கத்து வீடொன்றின் கிணற்று நீர். உப்புக் கரிப்பதாகச் சொல்லிப் போத்தலில் கொண்டுவந்தான் உயர்தர வகுப்புத் தம்பி ஒருவன், அவனுடைய செயற்திட்டத்துக்காக. குளோரைட்டை அளக்க 25 மில்லிலீற்றர் நீர், காட்டியாகப் பொற்றாசியம் குரோமேற்று, அளவியில் 0.02 மோலர் வெள்ளி நைத்திரேற்று. மஞ்சள் நிறம் செம்மண் நிறமாக மாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மூன்று வாசிப்புகள், மில்லிலீற்றரில்: 12.40, 12.70, 12.40. "ரெண்டு ஒத்து வந்திட்டுத்தானே சேர், மற்றதை வெட்டுறன்" என்று பேனையை எடுத்துவிட்டான்.

டிக்சனின் Q சோதனையைப் போடச் சொன்னேன். விலகி நிற்கும் வாசிப்புக்கும் அதன் பக்கத்து வாசிப்புக்கும் உள்ள இடைவெளியை மொத்த வீச்சால் வகுப்பதுதான் அது. 0.30 ÷ 0.30 = 1. மூன்று வாசிப்புகளுக்கு 95% மட்டத்தில் எல்லை 0.970. வெட்டலாம் என்கிறது அட்டவணை. தம்பிக்கு மகிழ்ச்சி.

சரி, அந்த 12.70க்குப் பதில் 12.45 வந்திருந்தால்? 0.05 ÷ 0.05, அப்போதும் 1. அளவியில் கோடுகள் 0.1க்கு ஒன்று. நாம் நடுவைக் கண்ணால் மட்டிட்டு 0.05 வரை எழுதுகிறோம். அப்படி எழுதும்போது இரண்டு வாசிப்பு ஒத்துப்போவது பெரிய விடயமில்லை. ஒத்துப்போனால் மூன்றாவது எதுவானாலும் Q ஒன்றுதான். ஒரு நல்ல வாசிப்பையும் தூக்கி எறியச் சொல்லும் சோதனையை மூன்று வாசிப்புக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

நாளை இன்னும் மூன்று எடுப்போம், ஆறு சேர்ந்த பிறகு ஒரே ஒரு தடவை Q, 95%. இதைக் கொப்பியில் இன்றே எழுதிக் கையெழுத்தும் வைக்கச் சொன்னேன். ஏன் இவ்வளவு சடங்கு என்று முகத்தைச் சுழித்தான்.

ஜூலை 9

அதே போத்தல். புதியவை 12.45, 12.50, 12.45.

தம்பி பொறுக்காமல் ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். நான்காவதோடு Q = 0.25 ÷ 0.30, அதாவது 0.833. எல்லை 0.829, வெட்டலாம். ஐந்தாவதோடு 0.667. எல்லை 0.710, வெட்டக்கூடாது. ஆறாவதோடும் அதே 0.667தான், ஆனால் எல்லை 0.625க்கு இறங்கிவிட்டதால் மறுபடி வெட்டலாம். விரும்பிய பதில் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்றால் சோதனை எதற்கு? நேற்றைய கையெழுத்தின் காரணம் அவனுக்கு இப்போது விளங்கிவிட்டது.

மூன்று நியம விலகலுக்கு வெளியே போனால்தான் வெட்டலாம் என்று ரியூசனில் சொன்னார்களாம். ஆறு வாசிப்பில் ஒன்று இடையிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் 2.04 நியம விலகலைத் தாண்டாது, ஏனென்றால் அந்த ஒன்றே விலகலையும் ஊதிவிடும். பத்து வரைக்கும் மூன்றைத் தொடவே முடியாது. எங்கள் 12.70 நிற்பது 1.93இல்.

ஆறுக்கு என்று முடிவெடுத்ததால் 12.70 வெளியே. ஆனால் கொப்பியில் அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு, பக்கத்தில் Q இன் பெறுமானம், எல்லை. எல்லாம் சேர்த்தால் குளோரைட்டு லீற்றருக்கு 354 மில்லிகிராம், வெட்டினால் 353. இந்த ஒரு மில்லிகிராமுக்கா இரண்டு நாள் என்று சிரித்தோம்.

அப்புறம்தான் சொன்னான், அந்த வாசிப்பின்போது கரண்ட் போய் யன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்தானாம். அதை அப்போதே எழுதியிருந்தால் சோதனையே வேண்டாம், காரணம் தெரிந்த பிழையை நேரடியாக விலக்கலாம். எண் பிடிக்காமல் போன பிறகு ஞாபகம் வரும் காரணத்தை நான் ஏற்பதில்லை. நல்ல எண் வந்திருந்தால் கரண்ட் போனதை நினைத்திருப்பானா?

ஜூலை 15

அதே கிணற்றில் ஒரே நாளில் ஆறு தடவை அள்ளிய ஆறு போத்தல். ஐந்து 12.35க்கும் 12.55க்கும் இடையில். ஒன்று மட்டும் 15.10. Q 0.93, எல்லைக்கு வெகு மேலே. தம்பி கோடு போட்டே விட்டான்.

கையைப் பிடித்தேன். போன கிழமை ஒரே போத்தலை ஆறு தடவை அளந்தோம், அங்கே வித்தியாசம் வந்தால் அது எங்கள் கையின் பிழை. இன்று ஆறும் வேறு வேறு நீர். அதே போத்தலிலிருந்து இன்னும் இரண்டு தடவை பார்த்தோம்: 15.05, 15.10. அளவீட்டில் பிழையில்லை.

எப்போது அள்ளியது என்று கேட்டேன். தொட்டிக்கு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடி முடிந்த கையோடு. மணல் திட்டில் நல்ல நீர் உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டர் வேகமாக இழுத்தால் கீழே இருப்பது மேலே ஏறும். அந்த வீட்டார் கரிக்கிறது என்று சொன்னது இந்தத் தண்ணீரைத்தானோ என்னவோ.

கோட்டை அழிக்க முடியாது, மையில் போட்டுவிட்டான். பக்கத்தில் "விலக்கியது தவறு, சேர்க்கப்பட்டது" என்று எழுதித் திகதி போட்டான். நாளை மோட்டர் போட முன் ஒன்று, நிறுத்தியதும் ஒன்று, பிறகு அரை மணிக்கு ஒன்றாக நான்கு போத்தல் அள்ளப் போகிறான்.